ஆபீஸ் மெஷினோடு வந்த குவாட்ரோ: கேமுக்கு வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். போன மாதம் ரிச்சி தெருவில் ஒரு ரீஃபர்பிஷ்டு கடையில் டெல் பிரிசிஷன் 3620 டவர் ஒன்றை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கட்டட வரைபடம் போடும் ஏதோ ஒரு ஆபீஸ் மொத்தமாகக் கழித்துவிட்ட மெஷின்களில் ஒன்று. பக்கவாட்டில் சொத்து எண் ஸ்டிக்கரைப் பிய்த்த இடத்தில் பசை அப்படியே பிசுபிசுத்தது. ஐ7-6700, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, உள்ளே என்விடியா குவாட்ரோ பி2000 கிராபிக்ஸ் கார்டு.

கடைக்காரர் போகும்போது ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருக்கிறார். "தம்பி, அது ஆட்டோகேட் கார்டு, கேமுக்கு ஆகாது. எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு மேல கொஞ்சம் போட்டா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு தர்றேன்."

"மாத்திடவா மாமா?" என்று வந்து நின்றான்.

மாற்றாதே என்றேன். ஆனால் அவனே மெஷின் எதுவும் இல்லாமல் "ஒரு பி2000 தனியா வாங்கட்டுமா" என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றுதான். குவாட்ரோ என்ற பெயர் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. உள்ளே இருக்கும் சிப் எது, அதற்கு எவ்வளவு கரன்ட் கிடைக்கிறது, எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதுதான் கணக்கு.

பெயரை உரித்துப் பார்த்தால்

என்விடியா கேமுக்கு ஒரு சிப், ஆபீசுக்கு ஒரு சிப் என்று தனித்தனியாகச் செய்வதில்லை. ஒரே சிப்பை எடுத்து, அதில் சில பகுதிகளை அணைத்து, வேறு வேறு பெயரில் விற்கிறது. பி2000க்குள் இருப்பது ஜிபி106 என்ற பாஸ்கல் தலைமுறைச் சிப். அதே சிப்தான் ஜிடிஎக்ஸ் 1060 என்ற கேமிங் கார்டுக்குள்ளும் இருக்கிறது. முழுச் சிப்பில் 1280 கோர். அது 1060 6 ஜிபி ஆனது. 1152 கோர் திறந்தது 1060 3 ஜிபி ஆனது. 1024 கோர் மட்டும் திறந்ததுதான் 2017இல் வந்த பி2000.

இதில் இருக்கும் மெமரி 5 ஜிபி. யாரும் வழக்கமாகக் கேள்விப்படாத அளவு. சிப்பிலிருந்து மெமரிக்குப் போகும் பாதைகள் ஆறு. அதில் ஒன்றை அடைத்துவிட்டார்கள். பாதைக்கு ஒரு ஜிபி என்று மிச்சம் ஐந்து. இப்படி ஒற்றைப்படையாக ஒரு எண் தென்பட்டால், பெரிய சிப்பை நறுக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

அப்படியானால் ஆபீஸ்காரர்கள் அன்று கூடுதல் பணம் கொடுத்தது எதற்கு? டிரைவருக்கு. சாலிட்வொர்க்ஸ், கேட்டியா மாதிரியான மென்பொருட்களில் இந்தக் கார்டு ஒழுங்காக ஓடும் என்று சோதித்துச் சான்று கொடுத்திருப்பார்கள். ஓப்பன்ஜிஎல்லில் ஆயிரக்கணக்கான கோடுகளை வரையும் வேலையில் குவாட்ரோ டிரைவர் வேகமாக இருக்கும். கேம்கள் பெரும்பாலும் டைரக்ட்எக்ஸ் அல்லது வல்கன் வழியாகப் போகின்றன. அந்தப் பக்கம் இந்தச் சலுகையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

"கேமுக்கு ஆகாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், அது ஒரு காலத்தில் நியாயமான பேச்சுதான். புதிதாக வாங்கும்போது பி2000 விலைக்கு ஓரிரண்டு படி மேலான கேமிங் கார்டே கிடைத்தது. கேமுக்காக மட்டும் அதை வாங்குகிறவன் ஏமாளி. இன்று அது கழித்துவிட்ட மெஷினோடு ஏறக்குறைய இலவசமாக வருகிறது, ஆனால் பேச்சு மட்டும் பழைய விலையிலேயே நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆபீஸ் மெஷின்களில் நம் கண்ணில் படும் குவாட்ரோக்களில் பெரும்பாலானவை உண்மையிலேயே சின்னக் கார்டுகள். கே620 என்று ஒன்று எங்கு பார்த்தாலும் இருக்கும். அதில் 384 கோர் இருந்தும், மெமரி டிடிஆர்3. நொடிக்கு 29 ஜிபிதான் போய்வரும். பி2000இல் அது 140. தண்ணீர்த் தொட்டி பெரிதாக இருந்து குழாய் மட்டும் அரை அங்குலம் என்றால் என்ன ஆகுமோ அதுதான் கே620இல் நடக்கும். பி400 என்பதும் அப்படித்தான், 256 கோர், 2 ஜிபி. ஒருவர் வீட்டில் கே620 திணறியதைப் பார்த்துவிட்டு, குவாட்ரோ வம்சத்துக்கே கேம் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எனவே கையில் எந்தக் குவாட்ரோ வந்தாலும் அதன் கேமிங் உடன்பிறப்பு யார் என்று முதலில் பார்க்க வேண்டும். கே2200 என்றால் அது ஏறக்குறைய ஜிடிஎக்ஸ் 750 டிஐ, இரண்டிலும் 640 கோர். பி1000 என்றால் ஜிடிஎக்ஸ் 1050, மெமரி மட்டும் அதைவிட அதிகம். எம்4000 என்றால் ஜிடிஎக்ஸ் 970இன் 1664 கோர், 8 ஜிபி மெமரியோடு. டி1000 என்றால் 896 கோர் கொண்ட ஜிடிஎக்ஸ் 1650, கொஞ்சம் கட்டிப்போட்ட வடிவத்தில். உடன்பிறப்பின் பெயர் தெரிந்துவிட்டால், யூடியூபில் அந்தக் கார்டில் எந்தக் கேம் எப்படி ஓடுகிறது என்று பார்த்து, அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டால் போதும்.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு

ஏன் கழிக்க வேண்டும் என்றால், குவாட்ரோக்களுக்குக் கொடுக்கும் கரன்ட் குறைவு. 1060 6 ஜிபிக்கு 120 வாட் கணக்கு, அதற்குத் தனியாக 6 பின் கேபிள் செருக வேண்டும். பி2000க்கு 75 வாட். போர்டில் இருக்கும் ஸ்லாட்டே அதைக் கொடுத்துவிடும், கேபிள் வேண்டாம். அதே சிப்பைக் குறைந்த தீனியில் ஓட வைத்திருக்கிறார்கள்.

காகிதத்தில் ஒரு கணக்குப் போடலாம். கோர்களின் எண்ணிக்கை, அதன் மெகாஹெர்ட்ஸ், இரண்டையும் பெருக்கி, மேலும் இரண்டால் பெருக்கினால் கார்டின் கணக்குப் போடும் திறன் வரும். 1050 டிஐக்கு 2.1 டெராஃபிளாப்ஸ், பி2000க்கு 3, 1060 6 ஜிபிக்கு 4.4. அதாவது 1050 டிஐயைவிடப் பி2000 40 சதவீதம் அதிகம் என்று காகிதம் சொல்கிறது. நிஜத்தில் அந்த 40 வராது. மெமரி வேகத்தை ஒப்பிட்டால் 112க்கு 140, அதாவது கால்பங்குதான் அதிகம். போதாததற்குக் கனமான காட்சி வந்ததும் 75 வாட் கூரை தலையில் இடிக்கிறது. 1050 டிஐக்கு மேலே, 1060 3 ஜிபிக்குக் கீழே என்று இடம் போட்டுக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஜிடிஎக்ஸ் 1650 இதற்குப் பக்கத்து வீடு. சில கேமில் அது முந்தும், ஆனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிற அளவு வித்தியாசம் இல்லை.

இதைக் கேமாகச் சொன்னால் இன்னும் புரியும். வேலரன்ட் கேமுக்கு அதைத் தயாரித்த ரயட் நிறுவனம் நொடிக்கு 144 ஃபிரேமுக்கு மேல் வேண்டுமென்றால் 1050 டிஐ போதும் என்று போட்டிருக்கிறது. ஆக அங்கே பி2000க்குக் கவலையே இல்லை. பழைய ஜிடிஏ 5 மாதிரி 2015 வாக்கில் வந்த பெரிய கேம்களை 1080பி திரையில், புல்லையும் நிழலையும் மட்டும் ஒரு படி இறக்கிவிட்டு, 60 ஃபிரேமை ஒட்டி விளையாடலாம். சைபர்பங்க் 2077, பிளாக் மித் வூகாங் இரண்டும் குறைந்தபட்சமே 1060 6 ஜிபி கேட்கின்றன. அங்கே இது வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்கும் கார்டு. இந்தியானா ஜோன்ஸ், டூம் த டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ரே ட்ரேசிங் வன்பொருள் கட்டாயம். அது பாஸ்கலில் கிடையாது. ஆக, அவை திறக்கவே திறக்காது, செட்டிங்கைக் குறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதல் நாள் நடந்த கூத்து

மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லி இரண்டு மணி நேரம் ஆவதற்குள் போன் வந்தது. "மாமா, கடைக்காரர் சொன்னது சரிதான். ஜிடிஏ ஸ்லைடு ஷோ மாதிரி ஓடுது."

போய்ப் பார்த்தால், மானிட்டர் கேபிள் போர்டிலேயே இருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகியிருந்தது. அவன் மேல் தப்பில்லை. பி2000இன் பின்பக்கம் நான்கு டிஸ்பிளேபோர்ட் மட்டும்தான் இருக்கும், எச்டிஎம்ஐ கிடையாது. வீட்டு மானிட்டரிலோ எச்டிஎம்ஐயும் விஜிஏவும். பொருந்துகிற ஓட்டையைத் தேடிச் செருகிவிட்டான். கார்டு இருந்தால் போர்டு ஓட்டையில் படமே வராதபடி சில மெஷின்களில் வைத்திருப்பார்கள். இதில் பயாஸில் இரண்டையும் திறந்துவிட்டிருந்தார்கள். ஆக அவன் அதுவரை விளையாடியது பிராசசருக்குள் இருக்கும் இன்டெல் எச்டி 530இல். குவாட்ரோ சும்மா உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது. டிஸ்பிளேபோர்ட்டில் இருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண கேபிள் ஒன்று போதும். ஆக்டிவ் கன்வர்ட்டர் என்று விலை கூட்டி விற்பது ஒரு மானிட்டருக்குத் தேவையில்லை.

அடுத்தது டிரைவர். ஆபீஸில் போட்டதை அப்படியே விட்டிருந்தார்கள், பல வருடப் பழசு. என்விடியா தளத்தில் ஜிஃபோர்ஸ் என்று தேடாமல், பட்டியலில் குவாட்ரோ பிரிவுக்குப் போய் பி2000 எடுத்து இறக்க வேண்டும். பழையதை முழுக்கத் துடைத்துவிட்டுப் போடுவது நல்லது. குவாட்ரோ டிரைவர் வேறு ஜாதி என்று ஒரு பயம் இருக்கிறது. அதுவும் ஜிஃபோர்ஸ் டிரைவரின் அதே கிளையில் இருந்துதான் வருகிறது. புதுக் கேம் வந்த அன்றே அதற்கான திருத்தம் வராமல் சில வாரம் தள்ளி வந்ததுண்டு, அவ்வளவுதான். டிரைவரே சரியாக உட்காராவிட்டால் சில கேம்கள் `A D3D11-compatible GPU (Feature Level 11.0, Shader Model 5.0) is required to run the engine` என்று திட்டிவிட்டு மூடிக்கொள்ளும். அதைப் பார்த்து, கார்டு பழசு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பி2000 அந்தத் தகுதியை எப்போதோ தாண்டிய கார்டு.

கேபிளும் டிரைவரும் மாறியதும் ஜிடிஏ ஓடியது. நின்று பார்த்தால் 60க்கு மேல். வண்டியை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் பறந்தால் மட்டும் அங்கங்கே திக்கியது, அரை நொடி உறைந்து மறுபடி ஓடியது. "பாத்தீங்களா" என்றான்.

இங்கேதான் பலரும் கார்டை மாற்றப் போய்விடுகிறார்கள். கார்டா காரணம் என்று அதனிடமே கேட்டுவிடலாம். டிரைவரோடு சேர்ந்து வரும் ஒரு கட்டளை இருக்கிறது. கேமை விண்டோ அளவுக்குச் சுருக்கி ஓடவிட்டு, பக்கத்தில் கமாண்ட் பிராம்ப்டில் இதைப் போட்டேன்:

```
nvidia-smi --query-gpu=utilization.gpu,clocks.gr,power.draw,temperature.gpu,memory.used --format=csv -l 2
```

இரண்டு நொடிக்கு ஒரு வரி வரும். கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது, எத்தனை வாட் இழுக்கிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு மெமரி என்று வரிசையாக இருக்கும். கார்டுதான் முட்டுக்கட்டை என்றால் முதல் எண் 97, 98 என்று உச்சியில் நிற்க வேண்டும். இங்கே திக்குகிற இடங்களில் அது பாதிக்கு விழுந்தது. வாட்டும் கூடவே இறங்கியது. அதாவது கார்டு திணறவில்லை, வேலை வராமல் காத்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 8 ஜிபி ரேம் விளிம்புவரை நிறைந்திருந்தது. கேபினெட்டைத் திறந்து பார்த்தால், ஒரே குச்சி. இந்தப் போர்டில் ரேம் இரண்டு பாதையில் போய்வரும்; ஒரே குச்சி போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். ஆபீஸ் மெஷின்களில் இது சர்வசாதாரணம், வரைபடம் திறக்க ஒரு குச்சி போதும் என்று விட்டிருப்பார்கள்.

இன்னொரு 8 ஜிபி குச்சி, அதே வேகத்தில், போட்டதும் திக்கல் போனது. 1650 மாற்றியிருந்தாலும் இதே திக்கல் இருந்திருக்கும். கார்டுக்காக மேலே போட்டிருக்கும் பணத்தில் பாதிகூட ரேமுக்கு ஆகவில்லை.

கார்டை ஒருமுறை கழற்றியும் பார்த்தோம். இது ஒற்றை ஸ்லாட் அகலம்தான். ஒரு பக்கமாகக் காற்றை உறிஞ்சிப் பின்பக்கம் தள்ளும் சின்ன உருளை விசிறி. அதன் வாயில் தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. உறையைத் திறந்தால் சிப்பின் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது. துடைத்துப் புதிது தடவியதில் சூடு நன்றாகவே இறங்கியது. சத்தம் மட்டும் அப்படியேதான். இவ்வளவு சின்ன விசிறி 75 வாட்டை வெளியே தள்ள வேண்டுமென்றால் கத்தாமல் முடியாது. ஹெட்போன் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சூட்டினால் வேகம் குறைகிறதா, கரன்ட் கூரையாலா என்று தெரிய வேண்டுமென்றால் கேம் ஓடும்போது இதைப் போடலாம்:

```
nvidia-smi -q -d PERFORMANCE
```

அதில் `SW Power Cap` எதிரே `Active` என்று இருந்தால் 75 வாட்டைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இந்தக் கார்டில் அது இயல்பு, ஒன்றும் செய்ய முடியாது. `Thermal Slowdown` என்று முடியும் வரிகளில் `Active` வந்தால்தான் தூசியையும் பேஸ்டையும் பார்க்க வேண்டும்.

மாற்றினால் எதற்கு மாற்றுவது

சரி, கடைக்காரர் சொன்ன 1650க்கே வருவோம். அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன நியாயம் அல்ல. பாஸ்கலுக்கு என்விடியாவின் டிரைவர் வண்டி கடைசி நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580 வரிசைதான் கடைசி. கேம்களுக்கான திருத்தங்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 1650 அதற்கு அடுத்த டூரிங் தலைமுறை, இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. இனி வரப்போகும் கேம்களை வந்த வாரமே விளையாட வேண்டும் என்கிறவருக்கு இது கனமான காரணம்தான். ஆனால் கவனிக்க வேண்டியது, இது குவாட்ரோ என்பதால் வந்த வினை இல்லை. 1060, 1080 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். அக்கா மகன் விளையாடுவது வேலரன்ட், ஜிடிஏ, கொஞ்சம் ஃபோர்ட்நைட். அவனுக்கு ஏறக்குறைய அதே வேகத்தில் இன்னொரு 4 ஜிபி கார்டுக்குக் காசு கொடுப்பது, ஓடுகிற சைக்கிளைக் கொடுத்துவிட்டு வேறு நிறத்தில் சைக்கிள் வாங்குவது மாதிரி.

உண்மையிலேயே ஒரு படி ஏற வேண்டுமென்றால் 1650ஐத் தாண்டிப் பார்க்க வேண்டும். இங்கேதான் ஆபீஸ் மெஷினின் எஸ்எம்பிஎஸ் குறுக்கே வருகிறது. இவன் மெஷினில் லேபிளைப் பார்த்தால் 290 வாட், கார்டுக்கான 6 பின் கேபிள் இல்லை. எனவே ஸ்லாட் கரன்ட்டிலேயே ஓடும் கார்டுதான் நேரடியாகப் பொருந்தும். அந்த வகையில் இப்போது நான் சொல்லக்கூடியது 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி பதிப்பு. 70 வாட்தான், 2304 கோர், டிஎல்எஸ்எஸ் உண்டு, பாஸ்கல் திறக்க மறுக்கும் கேம்களும் இதில் திறக்கும். 3050 என்ற பெயரிலேயே இருக்கும் பழைய 8 ஜிபி பதிப்புக்குத் தனி கேபிள் வேண்டும். பெட்டியில் எத்தனை ஜிபி என்று பார்க்காமல் வாங்கிவந்து முழிப்பவர்கள் உண்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400உம் கேபிள் இல்லாமல் ஓடும், ஆனால் அது போர்டோடு நான்கே லேனில் பேசும் கார்டு. புது போர்டில் அது பெரிதாகத் தெரியாது. 6ஆம் தலைமுறை இன்டெல்லின் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட்டில் போட்டால் அந்தக் குறுகல் நன்றாகவே உறைக்கும். இந்த மெஷினுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றி ஆர்எக்ஸ் 6600 மாதிரி பெரிய கார்டு போடுவது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வகை டெல் போர்டில் வழக்கமான 24 பின் இணைப்பு இல்லை, 8 பின். மாற்று கேபிள் தேட வேண்டும். புது எஸ்எம்பிஎஸ் அந்தக் கூட்டில் உட்காருமா என்று அளந்து பார்க்க வேண்டும். எல்லாம் செய்து முடித்தால், 2015ஆம் வருடத்து நான்கு கோர் பிராசசர் அந்தக் கார்டுக்கு வேலை கொடுத்து முடிக்காது. அவ்வளவு செலவு செய்கிறவர் வேறு மெஷினாகவே பார்க்கலாம். சாட்டா கேபிளில் இருந்து 6 பின் எடுத்துக் கொடுக்கும் ஒரு அடாப்டர் நூறு ரூபாய்ச் சங்கதியாகக் கடைகளில் தொங்கும். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 6 பின் கேட்கக்கூடியது 75. பிளாஸ்டிக் உருகின வாசனை வந்த பிறகு யோசித்துப் பயனில்லை.

தனியாக வாங்குவதென்றால்

மெஷினோடு வராமல், கேமுக்காகவே ஒரு குவாட்ரோவைத் தேடிப்போய் வாங்கலாமா? பெரிய டவர் என்றால் வேண்டாம். அதே விலைக்கு உடன்பிறப்பான கேமிங் கார்டு கிடைக்கும். அதில் விசிறி பெரிது, சத்தம் குறைவு, எச்டிஎம்ஐயும் இருக்கும், பிறகு விற்பதும் சுலபம். எம்4000 மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 8 ஜிபி என்ற எண் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பாஸ்கலுக்கும் முந்திய மேக்ஸ்வெல், கூடவே 6 பின் கேட்கும் 120 வாட் கார்டு. அந்த 6 பின் இருக்கிற மெஷினில் வேறு நல்ல கார்டே போட்டுக்கொள்ளலாமே.

ஒரே ஒரு இடத்தில் நானே குவாட்ரோ பக்கம் போவேன். அரை உயர ஸ்லாட் கொண்ட ஒல்லி மெஷின்கள், ஆப்டிபிளெக்ஸ் எஸ்எஃப்எஃப் போன்றவை. அதற்குள் கேமிங் கார்டுகள் பெரும்பாலும் நுழையாது. நுழைகிறவற்றிலும் பல இரண்டு ஸ்லாட் அகலம் கேட்கும். பி1000, டி1000 இரண்டும் அரை உயரம், ஒற்றை ஸ்லாட், 47 வாட்டும் 50 வாட்டும்தான். டி1000 அதில் மேலானது, அதிலும் 8 ஜிபி பதிப்பு கிடைத்தால் விடக் கூடாது. இரண்டு ஸ்லாட் இடம் இருந்து, கையில் பணமும் இருந்தால் ஆர்டிஎக்ஸ் ஏ2000. குவாட்ரோ என்ற பெயரை என்விடியா 2020க்குப் பிறகு புதுக் கார்டுகளுக்கு வைப்பதை விட்டுவிட்டது, அதனால் இதுவும் டி1000உம் குவாட்ரோ என்று சொல்லாது. ஆனால் வம்சம் அதுதான். 70 வாட்டுக்குள் 3328 கோர். வாங்கும்போது அரை உயரத்துக்கான சின்ன பிராக்கெட்டும், மினி டிஸ்பிளேபோர்ட்டுக்கான மாற்று முனையும் கூட வருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிராக்கெட் இல்லாத கார்டு கேபினெட்டுக்குள் தலையாட்டிக்கொண்டே நிற்கும், அந்தத் தகரத்தை மட்டும் தனியாகத் தேடி அலைந்த அனுபவம் எனக்கு உண்டு.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் குவாட்ரோவுக்கு ஒரு சின்ன சாதகமும் இருக்கிறது. 1050 டிஐ என்ற பெயரில் ஜிடிஎஸ் 450 மாதிரி மிகப் பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி விற்கும் போலிகள் நிறைய உலவுகின்றன. பின்பக்கம் நீல நிற விஜிஏ ஓட்டை இருந்தாலே அதைக் கீழே வைத்துவிடலாம். பாஸ்கல் சிப்பில் விஜிஏவுக்கான அனலாக் வெளியீடே கிடையாது. பி1000ஐயும் பி2000ஐயும் இப்படிப் போலி செய்ய அவ்வளவாக யாரும் மெனக்கெடுவதில்லை, அதற்கு அவ்வளவு தேவை இல்லை.

அக்கா மகனின் கணக்கு கடைசியில் இப்படி ஆனது: ஒரு ரேம் குச்சி, ஒரு டிஸ்பிளேபோர்ட் கேபிள், ஒரு குட்டி டியூப் தெர்மல் பேஸ்ட். மீதிப் பணத்தை 3050க்கு என்று எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னான். போன வாரம் போனபோது மேஜையில் புதிதாக ஒரு ஹெட்போன் இருந்தது. "விசிறி சத்தம் மாமா, நீங்கதானே சொன்னீங்க" என்றான்.